கடைக்குள் ஓர் இரும்பு மாடி

கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. தரையில் இடம் தீர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் பதினாறு அடி உயரத்தில் கூரை, நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றில் ஒரு தளம் போட்டுவிடலாம் என்ற யோசனை அநேகமாக எல்லா வியாபாரிக்கும் ஒரு நாள் வரும். ஐ பீம், சேனல், பிளைவுட் என்று வாங்கிக் கொடுத்தால் நாலைந்து நாளில் வெல்டிங் பட்டறைக்காரர் வேலையை முடித்துவிடுவார். தூசு இல்லை, சென்டரிங் இல்லை, கடையை அதிக நாள் மூட வேண்டியதும் இல்லை. வேண்டாம் என்றால் கழற்றியும் விற்கலாம். மெசனைன் என்று எல்லோரும் சொல்லும் இந்த இடைத்தளம் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

வேலை முடிந்ததும் உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். “எவ்வளவு வெயிட் தாங்கும் தம்பி?” என்று கடைக்காரர் கேட்பார். “யானையே ஏறி நிக்கலாம் அண்ணாச்சி” என்று பட்டறைக்காரர் சொல்வார். விவரம் தெரிந்தவராக இருந்தால், “தாராளமா அஞ்சு டன் தாங்கும்” என்பார். இரண்டு பதிலாலும் பயனில்லை. அதே ஐந்து டன்னைத் தளம் முழுக்கப் பரப்பி வைத்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஒரு மூலையில் குவித்தால் அந்த மூலை இறங்கிவிடலாம். கேட்க வேண்டியது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான். சதுர அடிக் கணக்கில் பேசுகிறவர்கள் அந்த எண்ணை 10.76ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

சரக்கை முதலில் எடை போடுங்கள்

கட்டடங்களில் எந்த இடத்துக்கு எவ்வளவு சுமை என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பதை ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் சில்லறைக் கடைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ. சரக்கு வைக்கும் கிடங்கு என்றால், அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 240 கிலோ. ஆனால் எவ்வளவு தாழ்வாக அடுக்கினாலும் 750 கிலோவுக்குக் குறைத்து வடிவமைக்கக் கூடாது. ஒரே தளம் கடையாக இருக்கும்போது ஒரு கணக்கு, கிடங்காக மாறும்போது ஏறக்குறைய இரண்டு மடங்குக் கணக்கு. மேலே போடும் தளங்களில் பெரும்பாலானவை ‘சும்மா ரெண்டு மேசை போட’ என்று ஆரம்பித்துக் கிடங்கில் போய் முடிவதால், இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விதியில் இருப்பது பொதுச் சரக்குக்கான எண். நம் சரக்கு அதைவிடக் கனமா என்று நாமே பார்த்துவிடலாம். ஸ்டேஷனரி கடையை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாள் கட்டு ஒன்று, 75 ஜி.எஸ்.எம். தாள் என்றால், 2.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். உயரம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். ஏ4 தாளின் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு சதுர மீட்டரில் பதினாறு அடுக்கு நிற்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒவ்வொரு அடுக்கிலும் இருபது கட்டு. மொத்தம் 320 கட்டு, எடை 750 கிலோ. இடுப்புயரம் அடுக்கினாலே முக்கால் டன். சிவகாசியிலிருந்து வந்து இறங்கும் நோட்டுப் புத்தகக் கட்டுகளும் அந்த எடைக்குப் பெரிதும் குறைந்தவை அல்ல.

லேத் பட்டறையில் கணக்கு இன்னும் மிரட்டும். உருட்டுக் கம்பியை ஓர் அடி உயரத்துக்கு நெருக்கமாக அடுக்கினால், இடைவெளிகளைக் கழித்தபிறகும், ஒரு சதுர மீட்டரில் 1,800 கிலோவைத் தாண்டிவிடும். கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும் சரக்குதான் தளத்தைக் கவிழ்க்கும். கம்பி, பேரிங், நட்டு போல்டுப் பெட்டி, டைல்ஸ், பெயின்ட் டப்பா எல்லாம் கீழேயே இருக்க வேண்டிய சாமான்கள்.

ஆறு இஞ்சுக்கும் எட்டு இஞ்சுக்கும் நடுவே

இப்போது அந்த ஸ்டேஷனரி கடைக்கே ஒரு தளம் போட்டுப் பார்ப்போம். கடை ஆறு மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளம். பின்பக்கம் ஆறுக்கு நான்கு மீட்டர், அதாவது 24 சதுர மீட்டரில் தளம். நான்கு மீட்டர் நீளத்தில் நான்கு பெரிய பீம்கள், இரண்டிரண்டு மீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு பீமின் இரு முனையிலும் ஒரு தூண், ஆக எட்டுத் தூண்கள். பெரிய பீம்களுக்கு நடுவே குறுக்காகச் சின்னச் சட்டங்கள், அவற்றின்மேல் தரைப்பலகை. பலகை, சட்டம், தரையை ஒட்டிய சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 50 கிலோ தன் எடை என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் உள்ள பீம், இருபக்கமும் ஒவ்வொரு மீட்டராக, எட்டுச் சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. இதற்குப் பட்டறையில் வழக்கமாகச் சொல்வது ஆறு இஞ்சு ஐ பீம், கணக்கில் ஐ.எஸ்.எம்.பி. 150. அதன்மேல் 400 கிலோ வீதம் சுமை வைத்தால் நடுவில் சுமார் 18 மில்லிமீட்டர் தொய்கிறது. இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதிப்படி, விரிசல் விடாத தரைக்குத் தொய்வின் எல்லை நீளத்தில் முந்நூறில் ஒரு பங்கு. நான்கு மீட்டருக்கு 13 மில்லிமீட்டர்தான். பீம் ஒடிந்துவிடாது, ஆனால் நடக்கும்போது தளம் ஆடும், பலகை இணைப்புகள் விலகும், வெல்டுகள் வீணாக வேலை செய்யும். அந்த எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் ஆறு இஞ்சு பீமுக்கு 300 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதே இடத்தில் எட்டு இஞ்சு பீமை, அதாவது ஐ.எஸ்.எம்.பி. 200ஐ வைத்துப் பாருங்கள். கிடங்குக்கான 750 கிலோவை ஏற்றினாலும் தொய்வு 11 மில்லிமீட்டர். உலோகத்தில் ஏறும் அழுத்தமும் சாதாரண இரும்புக்குப் பழைய கணக்கு முறை அனுமதிக்கும் அளவுக்குள்ளேயே இருக்கிறது. உயரம் ஐந்து சென்டிமீட்டர்தான் கூடியது. விறைப்பு மூன்று மடங்கு ஆகிவிட்டது. மீட்டருக்குப் பத்தரைக் கிலோ வீதம், நான்கு பீமுக்கும் சேர்த்துக் கூடுதல் இரும்பு 170 கிலோவுக்குள். அந்த 170 கிலோ இரும்பு 24 சதுர மீட்டர் தளத்தின் தாங்கு திறனை ஏழு டன்னிலிருந்து பதினெட்டு டன்னுக்குக் கொண்டுபோகிறது. பேரம் பேசிக் குறைக்கவே கூடாத இடம் இதுதான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு இந்த நீளத்துக்கும் இந்த இடைவெளிக்கும் மட்டுமே. பீமின் நீளத்தை நான்கிலிருந்து ஐந்து மீட்டராக்கினால், அதே பரப்புச் சுமைக்குத் தொய்வு இரண்டரை மடங்கு ஆகிவிடும். ‘பக்கத்துக் கடையில் எட்டு இஞ்சுதான் போட்டிருக்கிறார்கள்’ என்பது, அங்கே தூணுக்குத் தூண் எத்தனை அடி என்று அளந்து பார்க்காதவரை பொருளற்ற ஒப்பீடு. இன்னொன்று, துண்டு பீம்களை ஒட்டி நீளமாக்கித் தருவது. பீம் அதிகமாக வளையப் பார்ப்பது நடுவில். ஒட்டு அங்கே வந்தால் முழுச் சுமையும் வெல்டின் தரத்தை நம்பி நிற்கும். பெரிய பீம்கள் ஒரே துண்டாக இருக்கட்டும்.

கண்ணில் படாத சட்டம்

பெரிய பீமைப் பார்த்து நம்பிக்கை வந்துவிடும். ஆனால் சரக்கின் எடை பீமுக்குப் போய்ச் சேருவதற்கு முன் பலகை, சிறு சட்டம் என்று இரண்டு கை மாறுகிறது. இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நாற்பதுக்கு நாற்பது சதுரப் பைப், இரண்டு மில்லிமீட்டர் கனம்: மலிவு, கையாள எளிது, எல்லாக் கடையிலும் கிடைக்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு, 600 மில்லிமீட்டர் இடைவெளியில் இதைப் போட்டால், வெறும் 300 கிலோ சுமைக்கே அதில் ஏறும் அழுத்தம் சாதாரண இரும்பு நிரந்தரமாக வளைந்துபோகும் எல்லையான 250 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சரக்கை இறக்கிய பிறகும் சட்டம் நிமிராது.

அதற்குப் பதில் மூன்று இஞ்சு சேனல், அதாவது ஐ.எஸ்.எம்.சி. 75, 400 மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டால் 750 கிலோவுக்கும் தொய்வு நான்கு மில்லிமீட்டரோடு நிற்கிறது. பெரிய பீமுக்கு எட்டு இஞ்சு போட்டுவிட்டுச் சட்டத்துக்கு நாற்பது பைப் போட்டால் அந்தத் தளம் நாற்பது பைப்பின் தளம்தான்.

தரைக்கு என்ன போடுவது

பலகையைத் தேர்ந்தெடுப்பது அழகு சம்பந்தப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சட்டங்களின் இடைவெளியையும் தளத்தின் சொந்த எடையையும் தீர்மானிப்பது அதுதான்.

கடைகளுக்குப் பொதுவாகப் போடுவது 18 மில்லிமீட்டர் பிளைவுட். சதுர மீட்டருக்குச் சுமார் பன்னிரண்டு கிலோதான், சத்தம் குறைவு, ஸ்குரு எளிதில் பிடிக்கும். 300 கிலோ தளத்துக்குச் சட்டங்கள் 600 மில்லிமீட்டரில் இருந்தால் போதும். 750 கிலோவுக்கு 400க்கு வந்துவிட வேண்டும். மரப் பலகைக்கு ஒரு குணம் உண்டு: எடையை மாதக்கணக்கில் இறக்காமல் வைத்தால், முதல் நாள் தொய்ந்ததைவிட மெல்ல மெல்ல அதிகம் தொயும். ஈரத்தில் அடுக்கு விடும், கரையான் வரும், தீப்பிடிக்கும். ஆனால் முறிவதற்கு முன் வளைந்து, முனகி, எச்சரிக்கை தரும்.

சிமென்ட் ஃபைபர் போர்டு அந்த எச்சரிக்கையைத் தராது. அதே 18 மில்லிமீட்டரில் எடை பிளைவுட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரையான் தொடாது, தண்ணீருக்கு அஞ்சாது, தீப்பற்றாது. பரந்த சுமையை நன்றாகவே தாங்கும். ஆனால் கனமான பெட்டியின் மூலை விழுந்தாலோ, ரேக்கின் கால் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் குத்தினாலோ பட்டென்று உடையும். இதைப் போடுகிறவர்கள் பலகையின் எல்லா விளிம்புக்கும் அடியில் சட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரம் அந்தரத்தில் நிற்கக் கூடாது.

பட்டறைகளுக்கு ஏற்றது ஆறு மில்லிமீட்டர் செக்கர்டு பிளேட். சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. கருவி விழுந்தாலும் பழுதாகாது, வெல்டிங் பொறி பட்டாலும் பாதகமில்லை. பைசா மிச்சம் பிடிக்க மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். காலடிக்கு ஒரு முறை தகரம் போல் சத்தமிடும். எண்ணெய் சிந்தும் இடத்தில் புள்ளிகள் தேய்ந்தபின் வழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காவது வழி, மடிப்பு விழுந்த டெக் ஷீட்டை விரித்து மேலே கான்கிரீட் போடுவது. ஆடாது, டைல்ஸ் ஒட்டலாம், உண்மையான மாடி போலவே இருக்கும். ஆனால் மடிப்போடு சேர்த்து 120 மில்லிமீட்டர் கனத்துக்குப் போட்டால் தளத்தின் சொந்த எடையே சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. முன்பு பார்த்த ஆறு இஞ்சுத் தளத்தில், பலகையைக் கழற்றிவிட்டு ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று கான்கிரீட் போட்டால், சரக்குக்குப் பழைய திறனில் பாதி மிஞ்சினாலே அதிகம். தளம் உறுதியாகத் தோன்றும், தாங்குவதோ குறையும். கான்கிரீட் வேண்டும் என்பவர் பீமை வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பலகையானாலும் ரேக்கின் கால்களுக்கு அடியில் கணக்கு வேறு. சதுர மீட்டர் எடை எல்லைக்குள் இருந்தாலும், ரேக் தன் முழுச் சுமையையும் நான்கு சின்னப் புள்ளிகளில் இறக்குகிறது. கால்கள் சட்டங்களின் நேர்மேலே நிற்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டு சட்டங்களைத் தொடும்படி அடியில் ஒரு சேனலைப் படுக்கப் போட்டு அதன்மேல் நிறுத்த வேண்டும்.

எடை எங்கே போய் இறங்குகிறது

750 கிலோ தளத்தில் நடுப் பீமின் ஒவ்வொரு தூணும் தன் எடையோடு சேர்த்து 3.2 டன் சுமக்கிறது. அந்தத் தூண் எதன்மேல் நிற்கிறது? பெரும்பாலான கடைகளில் டைல்ஸ், அதன்கீழ் நான்கு இஞ்சு கான்கிரீட், அதன்கீழ் நிரப்பு மண். தூணின் அடியில் 200க்கு 200 மில்லிமீட்டர் பேஸ் பிளேட் வைத்தால், கான்கிரீட் வழியே எடை பரவி மண்ணைத் தொடும்போது சதுர மீட்டருக்கு இருபது டன் அழுத்தம். இறுகிய நல்ல இயற்கை மண்ணுக்கே அது அதிகமாக இருக்கலாம். கட்டடம் கட்டியபோது கொட்டி மேலாகத் திமிசு போட்ட மண் தாங்காது. தளம் திடமாகவே நிற்க, தூண் மட்டும் கீழே இறங்கும்.

தீர்வு எளிதுதான். தூண் வரும் இடத்தில் தரையை வெட்டி, நிரப்பு மண்ணைத் தாண்டி இறங்கி, 600 மில்லிமீட்டர் சதுரத்தில் கம்பி கட்டிய அடித்தளம் போட்டால் அழுத்தம் ஒன்பது டன்னுக்குக் குறைகிறது. மண் எப்படி என்று பார்த்து அளவைப் பொறியாளர் கூட்டியோ குறைத்தோ தருவார். கடை முதல் மாடியில் இருந்தால் இந்தக் கதையே வேறு: மூன்று டன் தூண் கான்கிரீட் ஸ்லாபின் நடுவில் நிற்கக் கூடாது, கீழே உள்ள கட்டடத்தின் பீமின் மேல்தான் நிற்க வேண்டும், அந்தப் பீமும் தாங்குமா என்று கட்டட வரைபடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். செங்கல் சுவரில் ஓட்டை போட்டு பீமைச் செருகுவதும் பலரும் செய்வது. பீமின் முனைக்குக் கீழே கான்கிரீட் மெத்தை இல்லாவிட்டால் இரண்டு மூன்று செங்கல்களே முழு எடையையும் வாங்கி நொறுங்கும்.

பக்கவாட்டில் ஆடாமல் இருக்கக் குறுக்குக் கம்பி வேண்டும். நான்கு காலில் நிற்கும் தளத்தை ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளினால் அசைவது தெரிந்தால், ஒரு பக்கத்திலாவது பெருக்கல் குறி வடிவில் ஆங்கிள் போட்டு இறுக்க வேண்டும். வழியை மறைக்கிறது என்றால் தூணும் பீமும் சேரும் மூலையில் முக்கோணத் தகடு போடலாம்.

எல்லை மீறியதை எப்படித் தெரிந்துகொள்வது

ஏற்கெனவே போட்ட தளம் உள்ளவர்களுக்கு ஒரு நூல்கண்டும் அளவுகோலும் போதும். பெரிய பீமின் அடிப்பகுதியில் இரு முனைக்கும் நடுவே நூலை இறுக்கக் கட்டி, நடுவில் பீமுக்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தளம் காலியாக இருக்கும்போது ஒரு தடவை, சரக்கு நிரம்பியபின் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீளத்தில் முந்நூறில் ஒரு பங்குக்கு மேல் போனால் சுமை அதிகம். சரக்கை இறக்கியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் இரும்பு நிரந்தரமாக வளைந்துவிட்டது; அதன்பின் பொறியாளர் பார்க்கும்வரை மேலே எதையும் ஏற்றக் கூடாது.

மற்ற அடையாளங்கள் கண்ணுக்கே தெரியும். வெல்டு செய்த இடத்தில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்து அதில் துரு கசிந்தால் வெல்டு விட ஆரம்பித்திருக்கலாம். தூணைச் சுற்றி டைல்ஸில் வளையமாக விரிசல் வந்தால் அடித்தளம் இறங்குகிறது. சுவரில் செருகிய பீமின் கீழே சாந்துப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் செங்கல் நசுங்குகிறது. தளத்துக்குக் கீழே உள்ள கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தால் அதற்குக் காரணம் மழை ஈரமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

உயரத்திலும் பரப்பிலும் விதி உண்டு. இடைத்தளத்தின் உயரம் குறைந்தது 2.2 மீட்டர் இருக்க வேண்டும், மொத்தப் பரப்பு கட்டடத்தின் தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. கீழே 2.4 மீட்டர், பீமும் பலகையும் 0.3, மேலே 2.2 என்று கூட்டினால் 4.9 மீட்டர். பதினாறு அடிக்கும் குறைவான கூரைக்கு இந்த யோசனையே வேண்டாம், பரண் போட்டுக்கொள்ளலாம். கட்டடச் சொந்தக்காரரின் சம்மதமும் உள்ளாட்சி அனுமதியும் வேலை தொடங்குமுன் வாங்க வேண்டியவை. தீ விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை: இரும்பு எரியாது என்றாலும் 550 டிகிரி சூட்டை நெருங்கும்போது தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். மேலே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் தளமென்றால், படிக்கட்டு வாசலை நோக்கி இறங்க வேண்டும். அதன் அடியில் சரக்கு அடுக்கக் கூடாது.

கடைசியாக, எழுதி மாட்ட வேண்டிய பலகை. ‘சதுர மீட்டருக்கு 300 கிலோ’ என்று எழுதினால் சரக்கு ஏற்றும் தொழிலாளிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் மொழியில் மாற்றித் தர வேண்டும். 300 கிலோ தளத்தில் தாள் கட்டு என்றால் அடுக்கு 40 சென்டிமீட்டர் உயரம், எட்டுக் கட்டு. 750 கிலோ தளத்தில் ஒரு மீட்டர், இருபது கட்டு. சுவரில் அந்த உயரத்தில் சிவப்புக் கோடு போட்டு, ‘இதற்கு மேல் அடுக்காதே’ என்று எழுதிவிட்டால் ஜூன் மாத நெருக்கடியிலும் யாரும் கணக்குப் போட வேண்டியிருக்காது. சரக்கு மாறினால் கோடும் மாற வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய தாளில் மூன்று எண்கள் இருந்தால் போதும்: சதுர மீட்டருக்குத் தாங்கும் கிலோ, அந்தச் சுமையில் பீமின் தொய்வு, ஒவ்வொரு தூணும் தரையில் இறக்கும் எடை. அவரால் தர முடியவில்லை என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் போட்டு வாங்கிவிட்டு, அதன்பிறகு இரும்பு வாங்கப் போகலாம்.